தக்காளி விலையை எங்கிருந்து எடுப்பது?

ஓசூர் பக்கத்தில் தக்காளி போடும் விவசாயிகள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரச் சந்தைகளில் அன்றைக்கு என்ன விலை போகிறது என்பது தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால், வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்கலாம். விலை இணையத்தில்தான் கிடக்கிறது. யாராவது உட்கார்ந்து பார்த்து, தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் ஆர்வமாகச் செய்வார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். ஆகவே ஒரு சின்ன நிரல் எழுதி அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கத் தோன்றும்.

அதற்கு வழி இரண்டு. மனிதர் கண்ணுக்காகத் தயாரிக்கப்பட்ட வலைப்பக்கத்தையே நிரல் திறந்து, அதிலிருந்து விலையைப் பிய்த்தெடுப்பது ஒன்று. ஸ்கிரேப்பிங் என்கிறார்கள். தகவலை வைத்திருப்பவரே ‘உங்கள் நிரல் இந்த முகவரியில் வந்து இப்படிக் கேட்டால், இந்த வடிவில் பதில் தருவோம்’ என்று அறிவித்துத் திறந்துவைத்திருக்கும் வாசலில் போய்க் கேட்பது இன்னொன்று. அது ஏபிஐ. முதல் வழி ஒரு மணி நேர வேலை. இரண்டாவதில் பதிவு, சாவி, விதிமுறை என்று சில படிகள் உண்டு. அதனாலேயே பலர் முதல் வழியில் இறங்குகிறார்கள்.

ஸ்கிரேப்பர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் அது எங்கே வழுக்கும் என்பது புரியும். விலைப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது: முதல் பத்தியில் பொருள், இரண்டாவதில் குறைந்த விலை, மூன்றாவதில் அதிக விலை. தக்காளி வரிசையில் 18 என்றும் 24 என்றும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதிக விலை. நிரல் இப்படி எழுதப்படும்:

```python
cells = row.find_all("td")
price = float(cells[2].text)
```

நிரல் மொழியில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். எனவே `cells[2]` என்றால் மூன்றாவது கட்டம். 24 கிடைக்கிறது. செய்தி போகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஒருநாள் அந்தத் தளத்தை நடத்துகிறவர்கள், சந்தைக்கு எவ்வளவு சரக்கு வந்தது என்பதையும் காட்டலாமே என்று பொருளின் பெயருக்கு அடுத்து ‘வரவு’ என்றொரு பத்தியைச் சேர்க்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் குறைந்த விலை இப்போது மூன்றாவது பத்திக்கு நகர்ந்துவிட்டது. நிரல் வழக்கம்போல் மூன்றாவது கட்டத்தைப் படித்து 18 என்று எடுத்து அனுப்புகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. 18 என்பது தக்காளிக்கு நம்பத்தகுந்த விலையும்கூட. ‘நேற்று 24, இன்று 18, இறங்கிவிட்டது போலிருக்கிறது’ என்று நினைத்து வியாபாரி கேட்ட விலைக்கே ஒருவர் கொடுத்துவிட்டு வரக்கூடும்.

ஸ்கிரேப்பிங்கின் நம்பகத்தன்மை பற்றிப் பேசுகிறவர்கள் ‘தளம் மாறினால் உடைந்துவிடும்’ என்பார்கள். என்னைக் கேட்டால், உடைந்தால் நல்லது. தளம் திறக்கவில்லை, கட்டத்தில் எண்ணுக்குப் பதில் கோடு இருக்கிறது, எண்ணின் நடுவில் காற்புள்ளி வந்துவிட்டது என்றால் நிரல் சத்தம் போட்டு நிற்கும், யாராவது வந்து பார்ப்பார்கள். சத்தமில்லாமல் தவறான எண்ணைத் தருவதுதான் ஆபத்து. அதற்குப் பல வழிகள் உண்டு. ‘பராமரிப்புப் பணி நடக்கிறது’ என்ற பக்கத்தை, எல்லாம் சரி என்பதற்கான 200 என்ற குறியீட்டோடு அனுப்பும் தளங்கள் இருக்கின்றன. விடுமுறை நாளில் முந்தைய நாள் அட்டவணையே அப்படியே நிற்கும். தேதியைப் பார்க்காத நிரல் அதை இன்றைய விலையாக அனுப்பும். பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அட்டவணை நிரம்பும் தளமாக இருந்தால், நிரலுக்குக் கிடைப்பது வெறும் சட்டம் மட்டுமே.

இதற்கெல்லாம் ஓரளவு காப்பு உண்டு. எத்தனையாவது கட்டம் என்று எண்ணாமல், தலைப்பு வரிசையைப் படித்து ‘அதிக விலை’ என்ற சொல் எந்தப் பத்தியில் இருக்கிறதோ அதை எடுக்கச் சொல்லலாம். அந்தச் சொல் இல்லையென்றால் நின்றுவிட வேண்டும். பக்கத்தில் உள்ள தேதி இன்றைய தேதிதானா என்று சரிபார்க்க வேண்டும். நேற்றைய விலையின் பாதிக்குக் கீழோ இரண்டு மடங்குக்கு மேலோ போனால் சந்தேகப்பட வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தக்காளி நிஜமாகவே அப்படித் தாவக்கூடிய பொருள். 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியதும், தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதும் நினைவிருக்கும். சந்தேகத்துக்குரிய விலையை நிரல் தானாகத் தூக்கியெறிந்தால், விவசாயிக்கு மிகவும் தேவைப்படும் நாளில்தான் செய்தி வராமல் போகும். அனுப்பாமல் நிறுத்திவைத்து, ஒரு மனிதரைக் கூப்பிட்டுக் காட்டுவதே சரி. நம் எடுத்துக்காட்டில் 24 பதினெட்டானது பாதிக்குக்கூட வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தச் சோதனை அதைப் பிடித்திருக்காது. தலைப்பு வரிசையைப் படிக்கும் சோதனை பிடித்திருக்கும்.

அதே தக்காளியை இப்போது இரண்டாவது வழியில் எடுத்துப் பார்ப்போம். இந்திய அரசின் திறந்த தரவுத் தளமான data.gov.in, வேளாண் சந்தைகளின் அன்றாட விலையை ஏபிஐ வழியாகத் தருகிறது. தரவின் மூலம், சந்தைகளிலிருந்து விலையைத் திரட்டும் அக்மார்க்நெட் அமைப்பு. தளத்தில் பதிவு செய்துகொண்டால் நமக்கென ஒரு சாவி தருவார்கள். அது எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு கோவை. அதை வைத்து இப்படிக் கேட்க வேண்டும்:

```
https://api.data.gov.in/resource/9ef84268-d588-465a-a308-a864a43d0070?api-key=YOUR_KEY&format=json&limit=100&filters[commodity]=Tomato
```

பதிலில் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு பதிவு இருக்கும். அது ஏறத்தாழ இப்படி (விலையும் தேதியும் உதாரணத்துக்காக நான் இட்டவை):

```json
{"state": "Tamil Nadu",
 "market": "Hosur(Uzhavar Sandhai )",
 "commodity": "Tomato",
 "arrival_date": "03/06/2024",
 "min_price": "2000",
 "max_price": "2500",
 "modal_price": "2200"}
```

இங்கே எத்தனையாவது கட்டம் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு எண்ணோடும் அதன் பெயர் சேர்ந்தே வருகிறது. நாளைக்கு வரவு என்ற புதிய விவரத்தைச் சேர்த்தாலும் `max_price` என்பது `max_price` ஆகவே இருக்கும். பெயரையே மாற்றினால் நிரல் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று நின்றுவிடும். தேதி ஒவ்வொரு பதிவிலும் ஒட்டியிருக்கிறது. `modal_price` என்று மூன்றாவதாக ஒரு விலை இருப்பதையும் பாருங்கள். அன்று பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை அது. ஏதோ ஒரு கூடை உயர்ந்த ரகம் 25 ரூபாய்க்குப் போனதைவிட, விவசாயிக்கு இதுதான் பயன்படும்.

ஆனால் ஏபிஐ வந்துவிட்டதாலேயே கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மேலே உள்ள 2200 என்பது கிலோவுக்கல்ல, குவிண்டாலுக்கு. நூறால் வகுத்தால் கிலோ 22 ரூபாய். தேதியில் நாள் முதலில், மாதம் பிறகு. 03/06 என்பதை அமெரிக்க வழக்கப்படி மார்ச் 6 என்று படிக்கும் நிரல் நூலகங்கள் உண்டு. மாதத்தின் பதின்மூன்றாம் நாள் வரும்வரை யாருக்கும் தெரியாமலேயே போகும். உழவர் சந்தை என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின், அடைப்புக்குறி மூடும் முன் ஓர் இடைவெளி இருக்கிறது பார்த்தீர்களா? அந்த இடைவெளி இல்லாமல் பெயரைத் தேடினால் ஓசூர் அகப்படாது. சந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலையைப் பதிவதுமில்லை. காலையில் கேட்டால் கிடைக்கும் பட்டியலும் மாலையில் கிடைப்பதும் ஒன்றாக இருக்காது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விழும் குழி வேறு. சோதித்துப் பார்க்க எல்லோருக்கும் பொதுவாக அந்தத் தளம் ஒரு மாதிரிச் சாவி தருகிறது. அதில் ஒரு முறைக்குப் பத்துப் பதிவுகள்தான் கிடைக்கும். சொந்தச் சாவி வைத்திருந்தாலும் `limit` என்று குறிப்பிடாவிட்டால் வருவது பத்துதான். அந்தப் பத்தின் சராசரியை எடுத்து ‘இந்தியாவின் தக்காளி விலை’ என்று வரைபடம் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பதிலின் தலைப்பகுதியில் `total`, `count` என்று இரண்டு எண்கள் வரும். மொத்தம் எத்தனை பதிவுகள், இப்போது கைக்கு வந்தவை எத்தனை என்று அவை சொல்லும். இதுவரை வந்த `count`களின் கூட்டுத்தொகை `total`ஐ எட்டும்வரை `offset` என்ற எண்ணைக் கூட்டிக்கொண்டே அடுத்தடுத்த பக்கங்களைக் கேட்க வேண்டும். வலைப்பக்கத்தில் ஸ்கிரேப்பருக்கு இந்த வசதி கிடையாது. தான் எதைத் தவறவிட்டது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

இந்த இரண்டு வழிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. பல தளங்கள் தங்கள் பக்கத்தை நிரப்பிக்கொள்ள உள்ளுக்குள் ஓர் ஏபிஐ வைத்திருக்கும். பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்தால் அந்த முகவரி தெரியும். நேராக அதைக் கூப்பிட்டால் சுத்தமான தரவு கிடைக்கிறது. பார்க்க ஏபிஐ போலவே இருக்கும், ஆனால் யாரும் நமக்கு அதைத் தருவதாகச் சொல்லவில்லை. பங்குச்சந்தை ஆர்வலர்களுக்கு இதன் பலன் நன்றாகத் தெரியும். யாகூ ஃபைனான்ஸ் தளத்தில் பங்கு விலைகளை ஒரே வரி முகவரியில் கேட்டுக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி நீண்ட காலம் இருந்தது. எக்செல் தாள்களும் சிறு செயலிகளும் பாடப்புத்தகப் பயிற்சிகளும் அதை நம்பியே எழுதப்பட்டன. 2017இல் அது நின்றுபோனது. பயன்பாட்டு விதிகளை மீறி இது பயன்படுத்தப்படுகிறது, இனி தொடராது என்பதுதான் யாகூ தரப்பு விளக்கம். முன்னறிவிப்பு கொடுக்கவில்லையே என்று கோபப்பட்டவர்கள் உண்டு. கொடுக்காத வாக்குறுதியை எப்படித் திரும்பப் பெறுவது? முறையாக அறிவிக்கப்பட்ட ஏபிஐகூட மூடப்படலாம்தான். ஆனால் அதற்குப் பதிப்பு எண் இருக்கும், ‘இந்தத் தேதிக்குள் புதிய பதிப்புக்கு மாறுங்கள்’ என்று சொல்ல சாவி வாங்கியவரின் மின்னஞ்சல் அவர்களிடம் இருக்கும். பதிவு செய்வது தொல்லை என்று நினைக்கிறோம். நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல அவர்களுக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான்.

இனி விதிமுறை. ‘எல்லோரும் பார்க்கும்படி விலையைப் போட்டிருக்கிறார்கள், அதை எடுப்பதில் என்ன தவறு? விலைக்கு யாராவது காப்புரிமை கோர முடியுமா?’ என்று கேட்பார்கள். கேள்வியின் பிற்பாதி நியாயமானது. தக்காளி 22 ரூபாய் என்பது ஒரு செய்தி, யாருடைய படைப்பும் அல்ல. ஆனால் சட்டம் அங்கே முடிந்துவிடுவதில்லை என்பதை ஐரோப்பாவில் ஒரு விமானக் கட்டண வழக்கு தெளிவாகக் காட்டியது. நெதர்லாந்தின் பி.ஆர். ஏவியேஷன் நிறுவனம் பல விமான நிறுவனங்களின் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டி, கமிஷன் வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தது. ரயன்ஏர் கட்டணங்களை அது ரயன்ஏர் தளத்திலிருந்தே தானியங்கியாக எடுத்தது. அந்தத் தளத்தில் கட்டணம் தேடுகிறவர் விதிமுறைகளை ஏற்பதாக ஒரு பெட்டியில் டிக் செய்ய வேண்டும். தானியங்கி முறையில் தரவு எடுக்கக்கூடாது, விலை ஒப்பீட்டுக்கு வேண்டுமானால் எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அந்த விதிமுறைகளில் ஒன்று.

வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போய், 2015 ஜனவரி 15இல் தீர்ப்பு வந்தது. பி.ஆர். ஏவியேஷனின் வாதம் இது: ஐரோப்பாவின் தரவுத்தளச் சட்டம், தரவுத்தளத்தை நியாயமாகப் பயன்படுத்துகிறவருக்குச் சில உரிமைகள் தந்திருக்கிறது, ஒப்பந்தம் போட்டு அவற்றைப் பறிக்க முடியாது. நீதிமன்றம் சொன்னது வேறு. அந்த உரிமைகள், அச்சட்டத்தின் பாதுகாப்பு பெற்ற தரவுத்தளங்களுக்குத்தான். ரயன்ஏரின் கட்டணப் பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பே இல்லையென்றால், சட்டத்தின் வரம்புகளும் அதற்குப் பொருந்தாது. எனவே உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும்வரை ஒப்பந்தத்தில் எந்தக் கட்டுப்பாட்டையும் எழுதிக்கொள்ளலாம். விசித்திரமாக இல்லையா? பாதுகாப்பற்ற தகவலுக்குச் சொந்தக்காரர், பாதுகாப்புப் பெற்றவரைவிட அதிகமாகக் கையைக் கட்டிப்போட முடிகிறது. நாம் யோசிக்காமல் டிக் செய்யும் அந்தப் பெட்டிக்கு இத்தனை கனம்.

இந்தியாவில் கேள்வி இன்னொரு வாசல் வழியாகவும் வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, கணினிக்கு உரியவர் அல்லது பொறுப்பானவரின் அனுமதி இல்லாமல் அதிலிருந்து தரவை இறக்கினாலோ நகலெடுத்தாலோ பிரித்தெடுத்தாலோ இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. பொதுவில் திறந்திருக்கும் பக்கத்தில் ‘அனுமதி’ என்பது எதுவரை என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். வாட்ஸ்அப் குழு நடத்தும் விவசாயிகளுக்கு அந்த வாதத்தில் பங்கெடுக்க நேரமும் காசும் கிடையாது.

இங்கேதான் data.gov.in வழியின் பெரிய நிம்மதி. அங்குள்ள தரவுக்கு 2017இல் வெளியான இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் பொருந்தும். தரவைப் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம், வெளியிடலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கைம்மாறாகக் கேட்பது, தரவு யாருடையது, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமத்தின் கீழ் என்று குறிப்பிட வேண்டும். அரசே நம்மை அங்கீகரித்தது போலக் காட்டிக்கொள்ளக்கூடாது. தரவு தவறாக இருந்தால் அரசு பொறுப்பேற்காது என்ற வரியும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் செய்தியை அனுப்ப வேண்டும்.

தனியார் ஏபிஐகள் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. அமேசானின் பயன்பாட்டு விதிகள், பொருள் பட்டியலையும் விலையையும் திரட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. விலை வேண்டுமானால் அதன் விற்பனைக் கூட்டாளித் திட்டத்தில் சேர்ந்து, அதற்கான ஏபிஐயைப் பயன்படுத்த வேண்டும். அந்த ஏபிஐயின் விதிகளோ, விலையை நீண்ட நாள் சேமித்துவைக்கக்கூடாது, அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் எந்த நேரத்து விலை என்று அருகில் எழுத வேண்டும் என்றெல்லாம் போகின்றன. ஆறு மாத விலை வரலாற்றை வரைபடமாகக் காட்ட நினைப்பவருக்கு முறையான கதவு திறந்திருந்தும் உள்ளே போக முடியாது. பலர் ஸ்கிரேப்பிங்குக்குத் திரும்புவது சோம்பலால் மட்டுமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதிகாரபூர்வ வழியையே நம்ப முடியாத சூழலும் வரும். அர்ஜென்டினாவில் 2007 முதல் சில ஆண்டுகள் அரசின் பணவீக்கக் கணக்கை மக்கள் நம்பவில்லை. பொருளியலாளர் ஆல்பர்ட்டோ கவாலோ, அங்குள்ள சூப்பர்மார்க்கெட் தளங்களிலிருந்து நாள்தோறும் விலைகளை ஸ்கிரேப் செய்து தனியாக ஒரு குறியீட்டெண் கட்டினார். எம்ஐடியில் அவரும் ரோபர்ட்டோ ரிகோபோனும் நடத்திய பில்லியன் பிரைசஸ் திட்டத்தின் தொடக்கமே அதுதான். 2007 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரை அரசுக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்தை ஒட்டியிருந்த பணவீக்கம், இணைய விலைகளில் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பிரேசில், சிலி போன்ற அண்டை நாடுகளில் அதே முறையில் எடுத்த விலைகள் அரசுக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. அதனால் கோளாறு ஸ்கிரேப்பிங்கில் இல்லை என்று சொல்ல முடிந்தது. இப்படி ஓர் ஒப்பீடு கையில் இல்லாமல் வெறும் ஸ்கிரேப் செய்த எண்ணை மட்டும் காட்டியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

ஸ்கிரேப் செய்துதான் ஆக வேண்டும் என்றால், வேகத்தில் கவனம் வேண்டும். 2014இல் அமெரிக்காவின் கியூவிசி என்ற விற்பனைத் தளத்தில் விலையையும் இருப்பையும் எடுக்கப் போன ரிசல்ட்லி என்ற சிறு நிறுவனத்தின் நிரல், உச்சத்தில் நிமிடத்துக்கு 36,000 கோரிக்கைகள்வரை அனுப்பியதாக வழக்கானது. தளம் திணறி வாடிக்கையாளர்கள் பொருள் வாங்க முடியாமல் போனது. கெடுக்கும் நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. ஆனாலும் ஒரு சின்ன நிறுவனம் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. சில நொடிகளுக்கு ஒரு கோரிக்கை, தக்காளி விலைக்கு அதுவே அதிகம். தளத்தின் `robots.txt` கோப்பில் எந்தப் பக்கங்களுக்கு நிரல்கள் வரவேண்டாம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, பிறகு விதிமுறைப் பக்கத்தையும் படிக்க வேண்டும். கோப்பு அனுமதிப்பதை விதிமுறை தடுப்பதுண்டு. கோரிக்கையோடு போகும் அடையாள வரியில் குழுவின் பெயரும் ஒரு மின்னஞ்சலும் இருக்கட்டும். தொந்தரவானால், தடுப்பதற்கு முன் எழுதிக் கேட்பார்கள்.

ஓசூர்க் குழுவுக்கு நான் சொல்வது data.gov.in சாவி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. ஒவ்வொரு முறை வரும் பதிலையும் அப்படியே, திருத்தாமல், தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். விலை சரியில்லை என்று பிறகு யாராவது கேட்டால், சந்தையில் தவறாகப் பதிந்தார்களா, நம் நிரல் தவறாகப் படித்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். செய்தியில் சந்தையின் பெயர், எந்தத் தேதி விலை, கிலோவுக்கா குவிண்டாலுக்கா, மூலம் எது என்ற நான்கும் இருக்க வேண்டும். அரசு ஏபிஐ பதில் தராமல் தொங்கும் நாள்களும் வரும். சில நிமிடம் கழித்து இரண்டு மூன்று முறை முயலலாம். அப்போதும் வராவிட்டால் நேற்றைய விலையை இன்றைய தேதியில் அனுப்பாமல், ‘இன்று ஓசூர் விலை கிடைக்கவில்லை, நேற்று கிலோ 22’ என்று அனுப்பலாம்.